‘ப்ரோ, ஒரு டேட்டாபேஸ் வேணும்’

திங்கட்கிழமை காலை பத்தே காலுக்கு ஒரு செய்தி வருகிறது. “ப்ரோ, ஒரு டேட்டாபேஸ் வேணும். கொஞ்சம் அர்ஜென்ட்.” அனுப்பியவர் ஒரு மென்பொருள் நிறுவனத்தின் பில்லிங் டீமில் வேலை பார்ப்பவர். செய்தி போய்ச் சேர்ந்தது அதே நிறுவனத்தின் பிளாட்ஃபார்ம் டீமில் இருக்கும் ஒருவருக்கு. அவர் உடனே கேட்கிறார்: “போஸ்ட்கிரெஸா, மைஎஸ்க்யூஎல்லா?” கேட்டவர் அதற்குள் ஒரு மீட்டிங்குக்குப் போய்விட்டார். மாலை நான்கு மணிக்குப் பதில் வருகிறது: “போஸ்ட்கிரெஸ்.” “டெஸ்டிங்குக்கா, புரொடக்‌ஷனுக்கா?” என்ற அடுத்த கேள்விக்கு மறுநாள் காலையில்தான் விடை. “எவ்வளவு டேட்டா வரும்?” என்றால், “மேனேஜரைக் கேட்டுச் சொல்றேன்.” மேனேஜர் புதன்கிழமை விடுப்பு. இப்படியே வியாழன் வந்துவிடுகிறது. எல்லா விவரமும் கையில் இருந்தால் அந்தத் தரவுத்தளத்தை நிறுவ ஒரு மணி நேரம்கூட ஆகாது. அந்த ஒரு மணி நேர வேலைதான் இன்னும் தொடங்கவில்லை.

இது கற்பனை நிறுவனம். ஆனால் சென்னையிலோ பெங்களூரிலோ மென்பொருள் துறையில் வேலை பார்க்கும் யாரிடம் இதைச் சொன்னாலும், “எங்க ஆபீஸ்ல நடந்ததை உங்களுக்கு யார் சொன்னது?” என்றுதான் கேட்பார்கள்.

பிளாட்ஃபார்ம் டீம் என்பது வாடிக்கையாளர் கண்ணில் படாத குழு. செயலியையோ இணையதளத்தையோ உருவாக்குவது மற்ற குழுக்களின் வேலை. அவை ஓடுவதற்கான சர்வர், தரவுத்தளம், கடவுச்சொற்களைப் பத்திரப்படுத்தும் பெட்டகம், புதிய நிரலைப் பயனருக்குக் கொண்டுசேர்க்கும் குழாய்வழி, கண்காணிப்புத் திரைகள் எல்லாம் இந்தக் குழுவின் பொறுப்பு. அடுக்குமாடிக் குடியிருப்பில் மோட்டாரையும் லிஃப்ட்டையும் ஜெனரேட்டரையும் பார்த்துக்கொள்ளும் பராமரிப்பு ஆட்களைப் போல என்று வைத்துக்கொள்ளலாம். மேத்யூ ஸ்கெல்டனும் மானுவெல் பைஸும் 2019-இல் வெளியிட்ட ‘டீம் டோபாலஜீஸ்’ என்ற நூலுக்குப் பிறகு இந்த ஏற்பாடும் இந்தப் பெயரும் பல நிறுவனங்களில் பரவின. ஒரு சிறு குழு, அதைச் சுற்றிப் பத்துப் பன்னிரண்டு குழுக்கள், எல்லோருக்கும் ஏதாவது ஒன்று வேண்டும் என்பதுதான் வழக்கமான அமைப்பு. கேட்பவர்கள் அதிகம், செய்பவர்கள் குறைவு. அங்கேதான் கோரிக்கைப் படிவத்துக்கும் வரிசைக்கும் வேலை வருகிறது.

படிவம் வைப்பது என்று முடிவானதும் பல நிறுவனங்களில் நடப்பது ஒன்றுதான். எல்லோரும் ஓர் அறையில் கூடுகிறார்கள். பாதுகாப்புக் குழு எட்டுக் கேள்வி சேர்க்கிறது. நிதிப் பிரிவு ஐந்து. பழைய விபத்து ஒன்றை மறக்க முடியாத மூத்த பொறியாளர் ஆறு. கடைசியில் நாற்பது கேள்விகளோடு பாஸ்போர்ட் விண்ணப்பத்தை மிஞ்சும் ஒரு தாள் தயாராகிறது. கேட்பவர் முதல் பத்துக்கு விடை எழுதுகிறார். மீதியெல்லாம் ‘இல்லை’, ‘பிறகு சொல்கிறோம்’, அல்லது வெறும் ஒரு புள்ளி. கட்டாயக் கட்டம் என்றால் கணினி ஏற்றுக்கொள்ளும் எதையாவது தட்டிவிட்டு நகர்கிறார். படிவம் நிரம்பிவிடுகிறது, விவரம் மட்டும் வரவில்லை. பிளாட்ஃபார்ம் டீம் மறுபடியும் ‘போஸ்ட்கிரெஸா?’ என்ற இடத்திலிருந்தே தொடங்குகிறது.

அப்படியானால் எந்தக் கேள்வி இருக்க வேண்டும், எது போக வேண்டும்? தரவுத்தளக் கோரிக்கையையே எடுத்துக்கொண்டு பார்த்தால் இதற்கு ஒரு நல்ல அளவுகோல் கிடைக்கிறது: பின்னால் மாற்றுவது எவ்வளவு கடினம்?

சில முடிவுகளைப் பிறகு சுலபமாக மாற்றலாம். சர்வரின் அளவு அப்படிப்பட்டது. சிறியதாகத் தொடங்கிவிட்டு, போதவில்லை என்றால் சில நிமிட நிறுத்தத்தோடு பெரியதாக்கிக்கொள்ளலாம். ஆகவே ‘எத்தனை சிபியு வேண்டும், எத்தனை ஜிபி ராம் வேண்டும்’ என்று கேட்பதில் பொருளில்லை. கேட்டால், தெரியாதவர் பயத்தில் இரண்டு மடங்காக எழுதுவார். மாத பில் வரும்போதுதான் அது தெரியவரும். இந்தக் கேள்வியை எடுத்துவிட்டு, ‘முதல் ஆறு மாதத்தில் சேரும் தரவு 10 ஜிபிக்குள்ளா, 100 ஜிபிக்குள்ளா, அதற்கு மேலா?’ என்று மட்டும் கேட்டால் போதும். அளவைக் குழுவே முடிவுசெய்யும்.

வேறு சில முடிவுகள் அப்படியல்ல. அமேசானின் ஆர்டிஎஸ் சேவையில், வட்டில் உள்ள தரவைக் குறியாக்கம் செய்வதா இல்லையா என்பதைத் தரவுத்தளத்தை உருவாக்கும்போதே சொல்லியாக வேண்டும். ஓடிக்கொண்டிருப்பதில் அந்தப் பொத்தானைப் பிறகு அழுத்த முடியாது. ஒரு நகலெடுத்து, நகலைக் குறியாக்கம் செய்து, அதிலிருந்து புதியதாக எழுப்பி, செயலியைப் புதிய முகவரிக்குத் திருப்ப வேண்டும். எந்த ஊர்த் தரவு மையத்தில் வைப்பது என்பதும் இதே வகைதான். பணம் செலுத்தும் அமைப்புகளை நடத்துவோர், அந்தப் பரிவர்த்தனைத் தரவை இந்தியாவிலேயே சேமிக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஏப்ரலில் உத்தரவிட்டது. அப்படிப்பட்ட தரவு இருப்பது தெரியாமல் சிங்கப்பூரில் தரவுத்தளத்தை எழுப்பிவிட்டால், பின்னால் அதை மும்பைக்குக் கொண்டுவருவது பல வாரத் தலைவலி. ஆனாலும் ‘எந்த ரீஜன்?’ என்று படிவத்தில் கேட்டால் பலருக்குத் தெரியாது. ‘இதில் வாடிக்கையாளரின் பெயர், கைபேசி எண், கார்டு விவரம், பணப் பரிவர்த்தனை ஆகியவற்றில் எது இருக்கும்?’ என்று கேட்டால் தெரியும். கேட்பவருக்குத் தெரிந்ததை அவரிடம் கேட்டுக்கொண்டு, அதிலிருந்து ரீஜனையும் குறியாக்கத்தையும் பிளாட்ஃபார்ம் டீம் தானே முடிவுசெய்வதுதான் சரி.

இன்னொரு வகைக் கேள்விக்கு எல்லோரும் ஒரே விடைதான் தருவார்கள். ‘எவ்வளவு தரவு அழிந்துபோனால் தாங்குவீர்கள்?’ என்று காலிக் கட்டம் வைத்துக் கேட்டுப் பாருங்கள். ‘துளியும் கூடாது’ என்றுதான் எழுதுவார்கள். ‘எவ்வளவு நேரம் நின்றுபோகலாம்?’ என்றாலும் அதே கதை. விடையில் பொய் இல்லை. விலை தெரியாததால் வரும் விடை அது. ஆகவே இந்தக் கேள்வியை விலைப்பட்டியலோடு கேட்க வேண்டும்: நேற்று இரவு எடுத்த நகலிலிருந்து மீட்டால் போதும், மீட்க அரை நாள் ஆகலாம், கூடுதல் செலவில்லை, ஐந்து நிமிடம் முன்பு வரையிலான நிலைக்கு மீட்க வேண்டும், நகல்களைச் சேமிக்கும் செலவு கூடும், ஒரு சர்வர் விழுந்தால் அடுத்தது தானாக எழ வேண்டும், மாதச் செலவு ஏறக்குறைய இரட்டிப்பு. இப்படி மூன்று தெரிவுகளைப் பார்த்ததும், அலுவலக உணவு விருப்பக் கருத்துக்கணிப்பை வைத்திருக்கும் சின்னச் செயலிக்கு யாரும் மூன்றாவதைத் தேர்வுசெய்ய மாட்டார்கள்.

எல்லாவற்றுக்கும் முதலில் வர வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. பல படிவங்களில் அது இருப்பதே இல்லை. ‘இதை வைத்து என்ன செய்யப் போகிறீர்கள்?’ பில்லிங் டீமின் கதைக்கே வருவோம். அவர்கள் கேட்டது புதிய தரவுத்தளம். காரணத்தைக் கேட்டால், மாதக் கடைசியில் நிதிப் பிரிவுக்கு ஒரு பெரிய அறிக்கை எடுக்கும்போது செயலி மந்தமாகிவிடுகிறது, அறிக்கைக்கென்று தனியாக ஒன்று இருந்தால் நல்லது என்கிறார்கள். அதற்குப் புதிய தரவுத்தளம் தேவையே இல்லை. இருக்கும் தரவுத்தளத்துக்குப் படிக்க மட்டும் உதவும் ஒரு நகலை இணைத்தால் போதும். தரவு தானாகவே அதற்குப் போய்க்கொண்டிருக்கும். புதிய தரவுத்தளத்தை அமைத்துத் தந்திருந்தால், தரவைத் தினமும் அதற்குள் கொட்டுவது எப்படி என்ற அடுத்த கோரிக்கை பின்னாலேயே வந்திருக்கும். கேட்பவர் தீர்வைக் கேட்கிறார். செய்பவருக்குத் தெரிய வேண்டியது சிக்கல்.

ஆக, பில்லிங் டீமுக்குப் போதுமான படிவம் இவ்வளவுதான்: எதற்காக, எந்தச் சூழலுக்கு, எந்த வகைத் தரவு, எவ்வளவு தரவு, மேலே சொன்ன மூன்றில் எந்த மீட்பு, செலவு எந்தக் கணக்கில், இதற்குப் பொறுப்பான குழு எது, எந்தத் தேதிக்குள். எட்டுக் கேள்விகள். அவற்றில் ஐந்துக்குப் பட்டியலில் ஒன்றைத் தொட்டால் போதும்.

கேள்விகள் மீண்டும் பெருகாமல் பார்த்துக்கொள்வது தனி வேலை. கூகுளில் புதிய சேவைகளை வெளியிடும்போது பயன்படுத்திய ஒரு சரிபார்ப்புப் பட்டியலைப் பற்றி, அந்த நிறுவனத்தின் பொறியாளர்கள் 2016-இல் வெளியிட்ட நூலில் எழுதியிருக்கிறார்கள். பட்டியல் கட்டுமீறி வளராமலிருக்க அவர்கள் வைத்த நிபந்தனை சுவையானது. எந்தக் கேள்வியாக இருந்தாலும் அது ஏன் முக்கியம் என்று நிறுவ வேண்டும். அதற்குச் சிறந்த ஆதாரம், அந்தக் கேள்வியைக் கேட்காததால் முன்பு நடந்த ஒரு விபத்து. ஒரு கட்டத்தில் புதிய கேள்வி சேர்க்க வைஸ் பிரசிடென்ட் ஒருவரின் ஒப்புதல் தேவைப்பட்டதாம். கொஞ்சம் மிகையாகத் தோன்றலாம். ஆனால் நாற்பது கேள்விப் படிவத்தை நிரப்பியவர்களுக்கு அந்த வைஸ் பிரசிடென்ட் மேல் மரியாதைதான் வரும்.

படிவ வடிவமைப்பில் பெயர்பெற்ற பிரிட்டன் நிபுணர் கேரலைன் ஜாரெட் பரிந்துரைக்கும் முறை இன்னும் எளிது. ஒவ்வொரு கேள்விக்கும் எதிரே மூன்று விஷயங்களை எழுத வேண்டும்: விடையை யார் பயன்படுத்துவார்கள், எதற்கு, யாராவது வாய்க்கு வந்ததை எழுதிவிட்டால் என்ன ஆகும். எதிரே ஒன்றும் எழுத முடியாத கேள்வியை அடித்துவிடலாம். படிவம் நடைமுறைக்கு வந்த பிறகும் அதைச் சோதிக்க வழியிருக்கிறது. ஒரு கட்டத்தில் புள்ளியும் ‘பிறகு’வும் மட்டுமே வந்துகொண்டிருந்தால், அந்தக் கேள்வி கேட்கப்பட்ட விதம் தவறு. மறுபக்கம், வேலை தொடங்குவதற்கு முன் பிளாட்ஃபார்ம் டீம் திருப்பிக் கேட்கும் கேள்விகளை எண்ணிப் பார்க்கலாம். ஒரே கேள்வி நாலைந்து டிக்கெட்டுகளில் திரும்பத் திரும்ப வந்தால், அது படிவத்துக்குள் போக வேண்டிய கேள்வி.

விவரத்தோடு கோரிக்கைகள் வரத் தொடங்கியதும் அடுத்த சண்டை ஆரம்பிக்கும். யாருடையதை முதலில் செய்வது?

முதலில் வந்தவருக்கு முதலில் என்பது நியாயமாகத்தான் தெரிகிறது. கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பிளாட்ஃபார்ம் டீம் ஒரு நாளைக்கு மூன்று கோரிக்கைகளை முடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். திங்கட்கிழமை காலையில் பேமென்ட் டீம் அடுத்த காலாண்டுக்குத் தேவையான பதினைந்தையும் ஒரேயடியாகப் போட்டுவிடுகிறது. நண்பகலில் நோட்டிஃபிகேஷன் டீமிலிருந்து ஒரே ஒரு கோரிக்கை. வந்த வரிசைப்படி செய்தால் பதினைந்தும் முடிய வெள்ளிக்கிழமை ஆகிவிடும். நோட்டிஃபிகேஷன் டீமின் முறை அடுத்த திங்கட்கிழமை. இதிலிருந்து அந்தச் சின்னக் குழு என்ன கற்றுக்கொள்ளும்? அடுத்த முறை தேவை இருக்கிறதோ இல்லையோ, முன்கூட்டியே பத்து டிக்கெட்டைப் போட்டு இடம் பிடிக்க வேண்டும் என்பதைத்தான். மற்ற குழுக்களும் அதையே கற்றுக்கொண்டால், வரிசையில் இருப்பதில் எது உண்மையான தேவை என்று யாராலும் சொல்ல முடியாது.

இதே சிக்கலைக் கணினி வலையமைப்புக்காரர்கள் நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே சந்தித்தார்கள். ஃபோர்டு ஏரோஸ்பேஸில் பணிபுரிந்த ஜான் நேகல், 1985 டிசம்பரில் ஆர்எஃப்சி 970 என்ற எண்ணில் ஒரு குறிப்பு எழுதினார். பல கணினிகள் ஒரே இணைப்பைப் பகிர்ந்துகொள்ளும் இடத்தில், வந்த வரிசைப்படி தரவுப் பொட்டலங்களை அனுப்பினால், யார் அதிகம் கொட்டுகிறாரோ அவருக்கே அதிகப் பங்கு கிடைக்கும். அடக்கமாக நடந்துகொள்பவர் நஷ்டப்படுவார். அதற்கு நேகல் சொன்ன வழி, ஒரே வரிசைக்குப் பதிலாக அனுப்புபவர் ஒவ்வொருவருக்கும் தனி வரிசை வைத்து, சுற்றிச் சுற்றி ஒவ்வொன்றிலிருந்தும் ஒன்றை எடுப்பது. அளவுக்கு மீறிக் கொட்டுபவர் தன் சொந்த வரிசையைத்தான் நீளமாக்கிக்கொள்வார். அடுத்தவருக்கு அதனால் பாதிப்பில்லை.

இதைப் பிளாட்ஃபார்ம் டீமின் வாசலுக்குக் கொண்டுவந்தால், நோட்டிஃபிகேஷன் டீமின் ஒற்றைக் கோரிக்கை திங்கட்கிழமையே முடிந்துவிடும். பேமென்ட் டீமுக்கு என்ன இழப்பு? பின்னால் நின்ற ஒவ்வொரு கோரிக்கையும் ஓர் இடம் தள்ளிப்போகிறது. கடைசிக் கோரிக்கை வெள்ளி மாலைக்குப் பதில் திங்கள் காலை முடிகிறது. ஒரு குழுவுக்கு ஒரு வாரம் மிச்சம், இன்னொரு குழுவுக்கு ஒரு நாளில் மூன்றில் ஒரு பங்கு தாமதம். அதோடு, தன் பதினைந்தில் எது முதலில் வர வேண்டும் என்பதைப் பேமென்ட் டீமே முடிவுசெய்துகொள்ளலாம். அந்தப் பஞ்சாயத்து இனி பிளாட்ஃபார்ம் டீமுக்கு வேண்டாம்.

நேகலின் யோசனையில் ஓர் ஓட்டை இருந்தது. முறைக்கு ஒரு பொட்டலம் என்றால், பெரிய பொட்டலமாகக் கட்டி அனுப்புபவர் ஜெயித்துவிடுவார். 1989-இல் ஆலன் டெமர்ஸ், ஸ்ரீநிவாசன் கேஷவ், ஸ்காட் ஷென்கர் மூவரும் எழுதிய ஆய்வுக் கட்டுரை இதைச் சரிசெய்தது. பொட்டலங்களை எண்ணாமல், அவற்றின் நீளத்தைக் கணக்கில் எடுத்தார்கள். அலுவலகத்திலும் இதே தந்திரம் நடக்கும். முறைக்கு ஒரு டிக்கெட் என்று அறிவித்த மறுநாளே, பதினைந்தையும் ‘புதிய பேமென்ட் சூழல் அமைத்தல்’ என்று ஒரே டிக்கெட்டாகக் கட்டி யாராவது கொண்டுவருவார். ஆகவே டிக்கெட்டை எண்ணாமல் ஆள்-நாட்களை எண்ண வேண்டும். அரை நாள், இரண்டு நாள், ஒரு வாரம் என்று மூன்று அளவுகள் போதும். நுணுக்கமாக மதிப்பிடுகிறேன் என்று உட்கார்ந்தால் அந்த மதிப்பீடே ஒரு வேலையாகிவிடும். அளவைக் குறிப்பது பிளாட்ஃபார்ம் டீம். கேட்பவரிடம் விட்டால் எல்லாமே ‘சின்ன வேலைதான் ப்ரோ’. தினமும் காலையில் கால் மணி நேரம் ஒருவர் உட்கார்ந்து புதிய கோரிக்கைகளைப் படித்து அளவு குறித்துவிடலாம். படிவத்தில் விவரம் சரியாக இருந்தால்தான் அது கால் மணி நேரத்தில் முடியும். ‘ஒரு டேட்டாபேஸ் வேணும்’ என்பதை வைத்து அரை நாளா, ஒரு வாரமா என்று யாராலும் சொல்ல முடியாது. படிவம் ஓட்டையாக இருந்தால் வரிசையும் நியாயமாக இருக்காது என்பதற்கு இதுதான் காரணம்.

அளவு குறித்த பிறகு விதி எளிது. கடந்த இரண்டு வாரத்தில் எந்தக் குழுவுக்குக் குறைவான ஆள்-நாட்கள் செலவாகியிருக்கின்றனவோ, அடுத்த முறை அதனுடையது. இரண்டு வாரம் என்று ஏன் எல்லை வைக்க வேண்டும்? மூன்று மாதம் ஒன்றுமே கேட்காத ஒரு குழு, ‘எங்கள் பங்கு அப்படியே சேர்ந்து கிடக்கிறது’ என்று திடீரென்று வந்து ஒரு மாத வேலையைக் கேட்டால் மற்ற எல்லோரும் நின்றுவிடுவார்கள். பயன்படுத்தாத முறையைச் சேமித்துவைக்க முடியாது என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

கோரிக்கையைத் திருப்பிக் கேள்வி கேட்டு அனுப்பும்போது அதன் இடம் என்ன ஆகும் என்பதையும் முன்பே முடிவுசெய்ய வேண்டும். பதில் வரும்வரை அதைத் தாண்டி அடுத்ததை எடுக்கலாம். பதில் வந்ததும் பழைய இடத்துக்கே அது திரும்ப வேண்டும். கடைசிக்குத் தள்ளினால், ஒரு சந்தேகம் கேட்டதற்குத் தண்டனை கொடுத்ததாகிவிடும். பதிலே வராமல் இரண்டு வாரம் போனால் மூடிவிடலாம். தேவை என்றால் மறுபடியும் திறப்பார்கள். பல வேளைகளில் திறப்பதில்லை.

இனி ‘அர்ஜென்ட்’. படிவத்தில் ‘அவசரமா? ஆம் / இல்லை’ என்று ஒரு கட்டம் வைத்தால் என்ன நடக்கும் என்பதை விளக்கத் தேவையில்லை. நியாயமான வரிசையைக் கெடுக்க இந்த ஒரு கட்டம் போதும். அதற்குப் பதில் மூன்று சின்னக் கேள்விகள்: எந்தத் தேதிக்குள் வேண்டும், அந்தத் தேதியைக் குறித்தது யார், தவறினால் என்ன நடக்கும். ‘வரும் 15-ஆம் தேதி பழைய சான்றிதழ் காலாவதியாகிறது, அதன்பின் வாடிக்கையாளரால் உள்ளே நுழைய முடியாது’ என்பது ஒரு விடை. ‘ஸ்பிரின்ட் முடிகிறது’ என்பது இன்னொரு விடை. இரண்டும் அவசரம்தான் என்றாலும், எதை முன்னே எடுக்க வேண்டும் என்று படித்தவருக்கே தெரியும். முன்னே எடுக்கும்போது, அதனால் பின்னுக்குப் போகும் கோரிக்கை எது, அது எந்தக் குழுவுடையது என்பதை எல்லோரும் பார்க்கும் இடத்தில் எழுதிவிடும் பழக்கம் நல்லது. பக்கத்து மேசைக்காரரின் வேலையைத் தள்ளிவைத்துத்தான் தன் வேலை நடக்கும் என்று தெரிந்தால், பாதி அவசரங்கள் அடுத்த வாரத்துக்கு ஒத்துக்கொள்ளும்.

சர்வர் விழுந்துவிட்டது, வாடிக்கையாளரால் பணம் கட்ட முடியவில்லை என்பது இந்தக் கணக்கிலேயே சேராது. அதற்குப் படிவமும் வேண்டாம், வரிசையும் வேண்டாம். அன்றைக்குப் பணியில் இருக்கும் பொறியாளரின் போன் அடிக்க வேண்டும். இந்த இரண்டு வாசல்களும் ஒன்றாக இருந்தால், தரவுத்தளம் கேட்பவரும் அந்தப் போனைத்தான் அடிப்பார்.

மூன்றாவது ஒரு வாசல் உண்டு. அதை யாரும் அறிவிப்பதில்லை. பிளாட்ஃபார்ம் டீமில் தெரிந்த ஒருவருக்குத் தனியாக ஒரு செய்தி, டீ குடிக்கப் போகும்போது ஒரு வார்த்தை, பழைய டீமில் கூட வேலை பார்த்த உரிமை. வேலையும் நடந்துவிடும். படிவம் நிரப்பிக் காத்திருப்பவர் இதைப் பார்த்ததும், படிவம் என்பது ஆள் தெரியாதவர்களுக்கு என்று முடிவுகட்டிவிடுவார். இதைத் தடுக்க, ‘தனிச் செய்திக்குப் பதில் சொல்லக் கூடாது’ என்று உத்தரவு போடும் மேலாளர்கள் உண்டு. அந்த உத்தரவு நிற்பதில்லை. தெரிந்தவர் கேட்டால் மறுப்பது நம் ஊரில் அவ்வளவு எளிதல்ல. அதைவிட நடக்கக்கூடியது, கேட்டவருக்குப் பதிலாகத் தானே படிவத்தை நிரப்பிப் பதிந்துவிட்டு அந்த இணைப்பை அனுப்புவது. “போட்டுட்டேன், நாலாவதா இருக்கு, புதன்கிழமை வரும்” என்று சொன்னால் நட்பும் கெடாது, வரிசையும் கெடாது.

‘புதன்கிழமை’ என்று எந்தத் தைரியத்தில் சொல்வது? அதற்கு ஒரு பழைய சூத்திரம் உதவுகிறது. ஜான் லிட்டில் 1961-இல் நிரூபித்த விதிப்படி, வரிசையில் சராசரியாக நிற்கும் கோரிக்கைகளின் எண்ணிக்கையை, ஒரு நாளில் சராசரியாக முடியும் எண்ணிக்கையால் வகுத்தால் சராசரிக் காத்திருப்பு கிடைத்துவிடும். அறுபது நிற்கின்றன, நாளைக்கு மூன்று முடிகின்றன என்றால் இருபது வேலை நாட்கள். இதைப் படிவத்தின் தலையிலேயே போட்டுவிடலாம். இந்த விதி உண்மையாக இருக்க, வருகிற வேகமும் முடிகிற வேகமும் நெடுநாள் ஓட்டத்தில் சமமாக இருக்க வேண்டும். நாளைக்கு நான்கு வந்து மூன்று முடிந்தால், இருபது நாள் அடுத்த மாதம் இருபத்தேழு ஆகும், பிறகு இன்னும் கூடும். அந்த நிலையில் வரிசையை எவ்வளவு நியாயமாக்கினாலும், காத்திருப்பை எல்லோருக்கும் சமமாகப் பங்கிட்டுத் தருவதாகவே முடியும். ஆள் சேர்க்க வேண்டும், அல்லது சில வகை வேலைகளை இனி செய்வதில்லை என்று சொல்ல வேண்டும், அல்லது வேலையையே ஒழிக்க வேண்டும்.

மூன்றாவது வழியைப் படிவமே காட்டிக்கொடுக்கிறது. ஆறு மாதம் ஓடிய பிறகு விடைகளை எடுத்துப் பார்த்தால், டெஸ்டிங்குக்கான சிறிய போஸ்ட்கிரெஸ், வாடிக்கையாளர் தரவு இல்லை, சாதாரண மீட்பு என்று ஒரே மாதிரிக் கோரிக்கைகள் குவிந்திருக்கும். அவற்றை மனிதர் படிக்கவே தேவையில்லை. படிவத்தின் விடைகளை நேரடியாக ஒரு தானியங்கி நிரலுக்குக் கொடுத்தால், பொத்தானை அழுத்திய பத்தாவது நிமிடம் தரவுத்தளம் தயார். முன்பு பட்டியலில் தொட்டுத் தேர்வுசெய்ய வைத்த விடைகள் இங்கே கைகொடுக்கும். காலிக் கட்டத்தில் ‘ஓரளவு பெரிசா’ என்று எழுதியதை எந்த நிரலாலும் படித்துச் செய்ய முடியாது.

அப்படிச் சிறிய வேலைகள் வெளியேறிய அடுத்த மாதம் அறிக்கை வரும்போது மேலாளர் ஒருவர் முகம் சுளிப்பார். ஒரு கோரிக்கைக்கு ஆகும் சராசரி நாட்கள் குறைவதற்குப் பதிலாகக் கூடியிருக்கும். அரை நாள் வேலைகளெல்லாம் தானாக நடந்துவிட, வரிசையில் மிஞ்சி நிற்பவை வாரக்கணக்கு வேலைகள் மட்டுமே. எண்ணிக்கை குறைந்திருக்கிறது, ஒவ்வொன்றின் எடையும் கூடியிருக்கிறது. பழைய சராசரியோடு இதை ஒப்பிட்டால், குழு மந்தமாகிவிட்டது என்ற தவறான முடிவுக்கு வருவது எளிது. ஆகவே அரை நாள், இரண்டு நாள், ஒரு வாரம் என்ற மூன்று அளவுகளையும் தனித்தனியாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் மிகப் பழைய கோரிக்கை எத்தனை நாளாக நிற்கிறது என்று பார்க்கிறார்கள் அனுபவப்பட்டவர்கள். இரண்டு நாள் வேலை ஒன்று நாற்பது நாளாக அங்கேயே கிடந்தால், அது எந்தக் குழுவின் டிக்கெட், இத்தனை சுற்றில் ஏன் அதன் முறை வரவில்லை என்று அந்த வாரமே விசாரிப்பார்கள்.